"ஐந்து ஆண்டாகச் சர்க்கரை நோய் இருந்ததை மறைத்தீர்கள்": மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காலவரிசையோடு பதில் எழுதுவது

மருத்துவக் காப்பீட்டு க்ளைம் நிராகரிக்கப்படும்போது வரும் கடிதம் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். "மருத்துவமனை ஆவணங்களின்படி, பாலிசி தொடங்குவதற்கு முன்பே உங்களுக்கு இந்த நோய் இருந்திருக்கிறது. பிரபோசல் படிவத்தில் அதைத் தெரிவிக்கவில்லை. எனவே க்ளைம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசி ரத்து செய்யப்படுகிறது." வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் இருந்து இப்படிப்பட்ட கடிதங்களோடு வருகிறவர்களுக்குப் பதில் எழுத நான் உதவி வருகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பலர் செய்வது இரண்டில் ஒன்று: "பெரிய நிறுவனம், நாம் என்ன செய்ய முடியும்" என்று விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் கோபத்தோடு நான்கு பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். அந்த நான்கு பக்கத்தில் பிரீமியத்தை ஒழுங்காகக் கட்டியது, குடும்பம் படும் பாடு, ஏஜெண்ட் கொடுத்த வாக்குறுதி எல்லாம் இருக்கும். நோய் எந்தத் தேதியில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது மட்டும் இருக்காது. நிறுவனத்தின் குற்றச்சாட்டு முழுவதும் அந்தத் தேதியின் மீதுதான் நிற்கிறது.

முதலில், கடிதத்தில் கலந்து கிடக்கும் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, "முன்பே இருந்த நோய்". இதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் வரையறை உங்கள் பாலிசிப் புத்தகத்திலேயே அச்சாகி இருக்கும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, பாலிசி தொடங்கிய நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது அதே 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்த நோய், இவைதான் முன்பே இருந்த நோய். அதற்கு முன்பு இந்தக் காலம் 48 மாதமாக இருந்தது. பழைய பாலிசி வைத்திருப்பவர்கள் தங்கள் புத்தகத்தில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு நோய் இருந்து, அதை நேர்மையாகச் சொல்லி பாலிசி எடுத்திருந்தால், அந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும். பாலிசி செல்லும், காத்திருப்புக் காலம் முடியும்வரை அந்த நோய்க்கான செலவு மட்டும் கிடைக்காது.

இன்னொன்று, "தெரிவிக்காமல் விட்டது". இது பாலிசி எடுக்கும்போது நிரப்பிக் கொடுக்கும் பிரபோசல் படிவத்தில் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலைப் பற்றியது. க்ளைமை மறுப்பதோடு பாலிசியையே ரத்து செய்யும் அளவுக்கு இது கடுமையானது. இதில் முக்கியமானது இரண்டு: படிவம் எந்தச் சொற்களில் கேட்டது, அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது. தெரியாத நோயை யாராலும் தெரிவிக்க முடியாது.

நிராகரிப்புக் கடிதம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும். நம் பதில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஆம்பூரில் தோல் காலணித் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் 47 வயதுக்காரர். 2025 ஜனவரி 10 முதல் ஐந்து லட்சம் ரூபாய்க்கான குடும்ப பாலிசி. பிரபோசல் படிவத்தில் "சர்க்கரை நோய் உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை". "அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது உண்டா" என்பதற்கு "உண்டு, 2023இல் குடலிறக்கம்". 2025 நவம்பர் 18 அதிகாலையில் நெஞ்சுவலி. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாரடைப்பு என்று உறுதியாகி, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2,38,000 ரூபாய். நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்பட்டது. குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, பிறகு பில்களை அனுப்பிப் பணம் கேட்டது. 2026 ஜனவரி 8 தேதியிட்ட கடிதம் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "சர்க்கரை நோய், 5 ஆண்டுகள்" என்று இருக்கிறது. பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள். க்ளைம் நிராகரிப்பு, பாலிசி ரத்து.

அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது 2025 ஜூன் மாதத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. அப்படியானால் அந்த "5 ஆண்டுகள்" எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. டிஸ்சார்ஜ் சம்மரி கடைசி நாளில் கணினியில் தட்டச்சு செய்யப்படுவது. அதில் உள்ள பழைய நோய் விவரம் பெரும்பாலும், நோயாளியைச் சேர்த்த நேரத்தில் பணி மருத்துவர் கையால் எழுதிய முதல் குறிப்பிலிருந்து எடுக்கப்படும். அந்த முதல் குறிப்போ, வலியில் துடிப்பவரிடமோ பதறிப்போய் நிற்கும் உறவினரிடமோ கேட்டு எழுதியது. வேலூரின் பெரிய மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களிலும் வெளிமாநிலத்தவர் உண்டு. மைத்துனர் அவசரத்தில் தமிழில் சொன்னது வேறாகவும் தாளில் ஏறியது வேறாகவும் இருக்க வாய்ப்பு நிறைய உண்டு. ஆகவே சம்மரியோடு நிற்காமல் முழு கேஸ் ஷீட்டின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனையின் மருத்துவப் பதிவேடுகள் பிரிவில், உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துமூலமாகக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. விண்ணப்பத்தில் அந்த விதியைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரையும் வாங்கி வையுங்கள்.

நம் மாதிரியில் கேஸ் ஷீட் வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. முதல் பக்கத்தில் கையெழுத்தில் இருந்தது "5/12". மருத்துவர்களின் பழைய சுருக்கெழுத்தில் மாதத்தைப் பன்னிரண்டின் மேலும், வாரத்தை ஐம்பத்திரண்டின் மேலும், நாளை ஏழின் மேலும் எழுதும் வழக்கம் உண்டு. 5/12 என்றால் ஐந்து மாதம். 5/52 என்றால் ஐந்து வாரம். 5/7 என்றால் ஐந்து நாள். ஜூன் கடைசியிலிருந்து நவம்பர் 18 வரை ஏறத்தாழ ஐந்து மாதம்தான். சம்மரியைத் தட்டச்சு செய்தபோது அது "5 ஆண்டுகள்" ஆகிவிட்டது. இது எல்லா வழக்கிலும் நடக்கும் என்று சொல்லவில்லை. சில இடங்களில் கேஸ் ஷீட்டிலேயே "ஆண்டு" என்று தெளிவாக இருக்கும். சில இடங்களில் ஒரு பக்கத்தில் ஐந்து, இன்னொரு பக்கத்தில் இரண்டு, மயக்க மருந்து மருத்துவரின் குறிப்பில் "இல்லை" என்று மூன்று விதமாக இருக்கும். அந்த முரண்பாடும் உங்களுக்குச் சாதகம்தான். ஒரே மருத்துவமனை மூன்று விதமாக எழுதியிருந்தால், நிறுவனம் தனக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

கேஸ் ஷீட் கிடைத்ததும் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் போய் விளக்கக் கடிதம் கேட்கலாம். மருத்துவமனையின் கடிதத்தாளில், உள்நோயாளி எண், மருத்துவரின் பதிவு எண், தேதி, கையொப்பத்தோடு, "சம்மரியில் 5 ஆண்டுகள் என்று இருப்பது தட்டச்சுப் பிழை, சேர்க்கைக் குறிப்பில் 5 மாதம் என்றே உள்ளது" என்று எழுதித் தரலாம். பழைய சம்மரியை அடித்துத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். நிறுவனத்திடம் ஏற்கனவே ஒரு நகல் இருக்கிறது. திருத்திய நகலைக் காட்டினால் அதுவே மோசடிக் குற்றச்சாட்டுக்கு இடம் கொடுத்துவிடும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். க்ளைம் மறுக்கப்பட்ட பிறகு வாங்கிய சான்றிதழைத் தீர்ப்பு சொல்பவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அது துணைச் சாட்சி மட்டுமே. பிரச்சினை எழுவதற்கு முன்பே, வேறு காரணத்துக்காக யாரோ எழுதிவைத்த தாள்கள்தான் வலுவானவை. காலவரிசையை அவற்றைக் கொண்டுதான் கட்ட வேண்டும்.

காலவரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும்

இரண்டு தேதிகளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பாலிசி தொடங்கிய 2025 ஜனவரி 10இலிருந்து 36 மாதம் பின்னே போனால் 2022 ஜனவரி 10. இது வரையறையின் எல்லை. நிறுவனம் சொல்லும் "5 ஆண்டுகளை"ச் சேர்க்கை நாளிலிருந்து கழித்தால் 2020 நவம்பர். இது குற்றச்சாட்டின் எல்லை. இரண்டில் எது முந்தையதோ, அங்கிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் 2020 நவம்பரிலிருந்து நோயாளி என்று அவர்கள் சொல்லும்போது, 2021இல் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் அவர்களுடைய கதை அங்கேயே உடைந்துவிடும்.

வீட்டில் தாள் இல்லை என்று பலர் சொல்வார்கள். தேடினால் கிடைக்கும். தொழிற்சாலையின் ஆண்டு மருத்துவப் பரிசோதனைப் பதிவு, அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனைக்கூடப் பில்கள், மருந்துக்கடைப் பில்கள் எல்லாம் உதவும். பரிசோதனைக்கூடங்கள் பலவற்றில் செல்பேசி எண்ணைச் சொன்னால் பழைய அறிக்கையைக் கணினியிலிருந்து மறுபடி எடுத்துத் தருவார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுக் கிராமங்களில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறுகிறவர்களுக்கு, முதல் பதிவு எந்த நாளில் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். அந்தப் பதிவு உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று பதில் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நிறுவனம் அனுப்பும் புலனாய்வாளரும் அங்கே போய்க் கேட்கலாம்.

ஆம்பூர்க்காரருக்குக் கிடைத்த தாள்களை வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது:

| தேதி | என்ன நடந்தது | ஆவணம் | இணைப்பு |
|---|---|---|---|
| 2021 ஜூலை 20 | தொழிற்சாலை ஆண்டுப் பரிசோதனை. எந்நேரச் சர்க்கரை 112 | தொழிற்சாலை மருத்துவப் பதிவு | 1 |
| 2023 மார்ச் 14 | குடலிறக்க அறுவைக்கு முன் பரிசோதனை. வெறும் வயிற்றில் 94 | அரசு மருத்துவமனை ஆய்வக அறிக்கை | 2 |
| 2024 ஆகஸ்ட் 22 | காய்ச்சல். எந்நேரச் சர்க்கரை 168. "காய்ச்சல் தணிந்ததும் வெறும் வயிற்றில் பார்க்கவும்" | கிளினிக் சீட்டு | 3 |
| 2024 செப்டம்பர் 5 | வெறும் வயிற்றில் 104, உணவுக்குப் பின் 138. மருந்து தரவில்லை | ஆய்வக அறிக்கை, சீட்டு | 4 |
| 2025 ஜனவரி 10 | பாலிசி தொடக்கம் | பாலிசி அட்டவணை, பிரபோசல் படிவம் | 5 |
| 2025 ஜூன் 22 | சோர்வு, அடிக்கடி சிறுநீர். வெறும் வயிற்றில் 162, எச்பிஏ1சி 7.8; சர்க்கரை மாத்திரை மெட்பார்மின் முதன்முதலாகத் தொடக்கம் | சீட்டு, அறிக்கை, மருந்துக்கடைப் பில் | 6 |
| 2025 நவம்பர் 18 | மாரடைப்பு, ஆஞ்சியோபிளாஸ்டி. சேர்க்கைக் குறிப்பில் "5/12" | கேஸ் ஷீட் நகல் | 7 |

இந்த எண்களைப் படிக்க மிகச் சிறிய அளவு மருத்துவம் போதும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அல்லது எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைத்தான் காட்டும். அதை வைத்து ஐந்து ஆண்டுக்கு முன்பே நோய் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு நிகழ்வு, அதற்கான தாள் மட்டும் இருக்கட்டும். தாள் இல்லாத நிகழ்வை உள்ளே கொண்டுவர வேண்டாம். "2022இல் நன்றாகவே இருந்தேன்" என்ற வரிக்கு எந்த மதிப்பும் இல்லை. உங்கள் கருத்தையும் அட்டவணையில் எழுதக் கூடாது. அது கீழே பத்தியாக வரட்டும். படிப்பவர் அட்டவணையை மட்டும் பார்த்தே முடிவுக்கு வரும்படி அது இருக்க வேண்டும்.

சங்கடமான வரியை என்ன செய்வது

2024 ஆகஸ்ட் 22ஆம் தேதி வரியைப் பார்த்ததும் குடும்பத்தார் சொன்னது, "இதை விட்டுவிடலாமே, 168 என்று இருக்கிறதே" என்பதுதான். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மறைத்தீர்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்கு எழுதும் பதிலிலேயே ஒரு தாளை மறைத்து, அதை நிறுவனம் பிறகு கண்டுபிடித்தால், மீதி ஆறு தாள்களும் வீணாகிவிடும். அந்தச் சீட்டு நிறுவனத்தின் கையில் ஏற்கனவே இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

மேலும் அந்த வரியைச் சரியாகப் படித்தால் அது பாதகமானதே அல்ல. காய்ச்சல் நேரத்தில் சர்க்கரை தற்காலிகமாக உயரக்கூடும். எந்நேரச் சர்க்கரை 200 அல்லது அதற்கு மேல் இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் அதைக் கொண்டு சர்க்கரை நோய் என்பார்கள். 168ஐப் பார்த்த மருத்துவர் நோய் என்று எழுதவில்லை, மாத்திரையும் தரவில்லை. மறுபடி பார்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே இரண்டு வாரத்தில் பார்த்தபோது 104. அது முற்றிலும் இயல்பான அளவு அல்ல என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும்; நோய்க்கு முந்தைய நிலையின் தொடக்கம். ஆனால் 126க்கு வெகுவாகக் கீழே. மறுபரிசோதனை செய்யச் சொன்ன ஆலோசனை நிறைவேற்றப்பட்டது, அந்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் இல்லை என்று தெரிந்தது. பதிலில் எழுத வேண்டியது இதுதான்.

இங்கே பிரபோசல் படிவத்தின் சொற்கள் தீர்மானமானவை. "சர்க்கரை நோய் உண்டா" என்று கேட்டிருந்தால் "இல்லை" என்பது உண்மையான பதில். "எப்போதாவது ரத்தப் பரிசோதனையில் இயல்புக்கு மாறான முடிவு வந்தது உண்டா" என்று கேட்டிருந்தால் இந்த 168 ஒரு பலவீனம்தான். அப்படியானால் அதை ஒப்புக்கொண்டு, வேறு கேள்வி எழுப்ப வேண்டும்: வெறும் வயிற்றில் 104 என்று தெரிவித்திருந்தால் நிறுவனம் பாலிசியை மறுத்திருக்குமா? பிரீமியத்தை உயர்த்தியிருக்குமா? அப்படிச் செய்திருக்கும் என்றால், யாருக்குப் பாலிசி தரலாம் என்று முடிவு செய்ய அன்றைக்கு நடைமுறையில் இருந்த ஏற்பு விதிகளைக் காட்டச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட விஷயம் நிறுவனத்தின் முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு முக்கியமானதாக இருந்தால்தான் அது மறைத்ததாக ஆகும்.

அதனால்தான் பிரபோசல் படிவத்தின் நகல் கையில் இல்லாமல் பதில் எழுதக் கூடாது. பாலிசியோடு அந்த நகலும் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேள்வி கேட்டு எடுத்த பாலிசியாக இருந்தால் அந்த ஒலிப்பதிவைக் கேளுங்கள். "படிவத்தை ஏஜெண்ட்தான் நிரப்பினார், எனக்கு ஆங்கிலம் தெரியாது" என்பதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு என்றே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். பதிலின் முதுகெலும்பாக வைக்க முடியாது.

நிறுவனத்தின் மருத்துவர் சொல்லப்போகும் வாதம்

தேதிகள் தெளிவானதும் நிறுவனம் வேறு பாதையில் வரும். "ரத்தக்குழாய் அடைப்பு ஐந்து மாதத்தில் வராது. சர்க்கரை நோய் உடலில் வெகுநாட்களாக இருந்திருக்க வேண்டும்." மருத்துவரீதியாக இதில் உண்மை உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் சில ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் இருக்கக்கூடும். இதை மறுத்து வாதாட வேண்டியதே இல்லை. வரையறையை எடுத்துக் காட்டினால் போதும். நோய் உடலில் எப்போது தொடங்கியது என்று அது கேட்கவில்லை. மருத்துவர் எப்போது கண்டறிந்தார், எப்போது ஆலோசனையோ சிகிச்சையோ தந்தார் என்றுதான் கேட்கிறது. அட்டவணையின்படி அது 2025 ஜூன் 22, பாலிசிக்குப் பிறகு.

இதேபோல, "மாரடைப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தமில்லை" என்று எழுதச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். இந்த வழக்கில் அதை எழுதாதீர்கள். சர்க்கரை நோய் மாரடைப்பின் அபாயத்தைக் கூட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தோற்கக்கூடிய ஒரு வாதம், பக்கத்தில் நிற்கும் நல்ல வாதத்தையும் சேர்த்து இழுத்துப் போகும். முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லவில்லை என்று மாரடைப்பு மரணத்துக்கான ஆயுள் காப்பீட்டுத் தொகையை மறுத்த வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அங்கே சம்பந்தம் இல்லை என்ற வாதம் பொருந்தியது. இங்கே பொருந்தாது.

எந்தப் பதிலும் காப்பாற்றாத நிலையும் உண்டு. 2009இல் சத்வந்த் கவுர் சாந்து வழக்கில், சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் தெரிந்திருந்தும், சிகிச்சையில் இருந்தும், நல்ல உடல்நலம் என்று எழுதியவரின் க்ளைமை மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலிசிக்கு முன்பே மெட்பார்மின் வாங்கிய பில் உங்கள் பெயரில் இருந்தால் நீங்கள் நிற்பது அந்த இடத்தில். 2021இல் மன்மோகன் நந்தா வழக்கு வேறு மாதிரி. அவர் சர்க்கரை நோயைத் தெரிவித்திருந்தார். நிறுவனமும் மருத்துவப் பரிசோதனை செய்த பிறகே வெளிநாட்டுப் பயண பாலிசி கொடுத்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைச் சொல்லவில்லை என்று பிறகு மறுத்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் ஆம்பூர்க்காரர் குடலிறக்க அறுவையைத் தானாகவே தெரிவித்திருக்கிறார் என்பதைப் பதிலில் சேர்ப்பது இதனால்தான். மறைக்கும் எண்ணம் உள்ளவர் அதை எழுதியிருக்க மாட்டார். அதைப் படித்த நிறுவனம் விரும்பியிருந்தால் அப்போதே மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்திருக்கலாம்.

பதில் கடிதம்

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். மேலே பாலிசி எண், க்ளைம் எண், நிராகரிப்புக் கடிதத்தின் தேதி. பிறகு சுருக்கமாக இப்படி:

"தங்கள் 08.01.2026 கடிதம், எனக்கு ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்ததாகவும், அதை நான் தெரிவிக்கவில்லை என்றும் கூறுகிறது. இரண்டையும் மறுக்கிறேன். அக்கடிதம் சுட்டும் ஒரே ஆதாரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள ஒரு வரி. அந்த வரி மருத்துவமனையின் சேர்க்கைக் குறிப்புக்கு முரணானது. சேர்க்கைக் குறிப்பில் 5/12, அதாவது ஐந்து மாதம் என்று உள்ளது (இணைப்பு 7). எனக்குச் சர்க்கரை நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 22.06.2025 அன்று (இணைப்பு 6). பாலிசி தொடங்கியது 10.01.2025. எனவே பாலிசியின் வரையறைப்படி இது முன்பே இருந்த நோய் அல்ல.

பிரபோசல் படிவத்தில் கேட்கப்பட்ட கேள்வி 'சர்க்கரை நோய் உண்டா' என்பது. அந்நாளில் 'இல்லை' என்பதே உண்மையான பதில். 22.08.2024 அன்று காய்ச்சலின்போது எடுத்த ஒரு பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. மருத்துவர் கூறியபடி 05.09.2024 அன்று மறுபரிசோதனை செய்ததில் சர்க்கரை நோய் இல்லை என்று தெரிந்தது (இணைப்புகள் 3, 4)."

இதன் கீழே அட்டவணை. அதன் பிறகு நீங்கள் கேட்பவை. இங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். க்ளைம் தொகையை மட்டும் கேட்டுவிட்டு, ரத்தான பாலிசியைப் பற்றி எழுத மறந்துவிடுவார்கள். மாரடைப்பு வந்த ஒருவருக்கு இனி வேறு நிறுவனத்தில் பாலிசி கிடைப்பது எளிதல்ல. ஆகவே தொகையோடு, பாலிசியை இடைவெளி இல்லாமல் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவரவும் கேட்க வேண்டும். பிறகு ஆவணங்களைக் கேட்க வேண்டும்: நிறுவனம் நம்பிய புலனாய்வு அறிக்கை, மருத்துவரிடம் வாங்கிய வாக்குமூலம் இருந்தால் அது, நீங்கள் கையெழுத்திட்ட பிரபோசல் படிவம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதத்துச் சுற்றறிக்கையின்படி, க்ளைம் ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளைமையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்று குறிப்பிட வேண்டும். அந்த ஒப்புதல் எந்தத் தேதியில் பெறப்பட்டது என்றும் கேளுங்கள். மறைத்தார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆவணங்களைக் கேட்டும் அவர்கள் தரவில்லை என்றால், அந்த மௌனமே அடுத்த கட்டத்தில் உங்களுக்கு உதவும்.

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். மூல ஆவணம் எதையும் அனுப்பாதீர்கள்.

ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலும், வந்த பதில் பிடிக்கவில்லை என்றாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாடு முழுவதும் அந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது. cioins.co.in தளத்திலேயே புகாரைப் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஐம்பது லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஏற்பில்லை என்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார். வரிசை முக்கியம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான காலக்கெடு இரண்டு ஆண்டு. குறைதீர்ப்பாளரிடம் காத்திருக்கும்போதும் அந்தத் தேதியைக் கண்ணில் வைத்திருங்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் புதிதாக எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை. அதே அட்டவணை, அதே ஏழு இணைப்புகள்.

க்ளைமை மட்டும் மறுத்து, பாலிசியை ரத்து செய்யாமல் விட்டிருந்தால், கோபத்தில் புதுப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். தொடர்ச்சியாக 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலன்றி, தெரிவிக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி எந்த க்ளைமையும் நிறுவனம் மறுக்க முடியாது. ஒரு புதுப்பித்தலைத் தவறவிட்டுப் புதிய பாலிசி எடுத்தால் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அப்போது சர்க்கரை நோயும் மாரடைப்பும் உண்மையிலேயே முன்பே இருந்த நோய்களாக இருக்கும். பிரீமியத் தேதி வந்ததும் கட்டுங்கள், ரசீதை அந்தக் கோப்பிலேயே எட்டாவது இணைப்பாக வையுங்கள்.